வாட்டர் பம்ப் மாற்ற 457 வெள்ளி 50 காசு: அந்த பில் எப்படி வந்தது?

பிறையில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் போன மாதம் ஒரு பெரியவர் தம் மைவியைக் கொண்டுவந்தார். "தம்பி, ரெண்டு நாளா தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. ஊத்தி ஊத்தித்தான் ஓட்டுறேன்" என்றார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டிக் கையால் காற்று அடித்தோம். முள் ஏறி நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு, காய்ந்து உப்புப் படிந்ததுபோல இறங்கியிருந்தது. புல்லியைப் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது. பம்ப் போய்விட்டது, சந்தேகமே இல்லை.

அவருக்கு எழுதிக்கொடுத்த கணக்கு இது:

வாட்டர் பம்ப், கேஸ்கட்டோடு: 156.00
பெல்ட்: 52.50
கூலண்ட் 2 போத்தல்: 54.00
கோளாறு கண்டுபிடிக்க, அரை மணி: 32.50
பம்ப் மாற்ற, 2 மணி: 130.00
கூலண்ட் நிரப்பி, காற்று எடுத்து, ஓட்டிப் பார்க்க, அரை மணி: 32.50
மொத்தம்: 457.50 வெள்ளி

அவருடைய மருமகன் புக்கிட் மெர்தாஜாமில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறாராம். பெரியவர் அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டு விலையைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "பம்ப் உங்களுக்கு 120 வெள்ளிக்குத்தானே கிடைக்குது? 156 போட்டிருக்கீங்க. அப்புறம் மூணு மணி நேர வேலைக்கு 195 வெள்ளியா? உங்க பையனுக்கு அவ்வளவா சம்பளம் கொடுக்குறீங்க?"

கேள்வி நியாயமானது. பட்டறை தொடங்க நினைக்கிறவர்களும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வெள்ளிக் கணக்கெல்லாம் இரண்டு மெக்கானிக் வேலை செய்யும் எங்கள் பட்டறையினுடையது, புரிவதற்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். உங்கள் இடத்தில் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் மணிக் கணக்கு. எங்கள் மெக்கானிக்கின் மாதச் சம்பளம் 2,800 வெள்ளி. அதன்மேல் முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 364 வெள்ளி. (சம்பளம் 5,000 வெள்ளி வரை இந்த விகிதம், அதற்கு மேல் 12.) சொக்சோ, வேலைக் காப்புறுதி இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 55. ஆக ஒருவருக்கு மாதம் 3,219 வெள்ளி ஆகிறது.

அவர் எத்தனை மணி நேரம் பட்டறையில் இருக்கிறார்? வேலைச் சட்டப்படி வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி. ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 2,340 மணி. இதில் ஆண்டு விடுப்பு 12 நாள், பொது விடுமுறை 11 நாள், உடம்பு சரியில்லாமல் ஓர் 5 நாள் என்று 28 நாள் கழியும். நாளுக்கு ஏழரை மணி என்றால் 210 மணி. மீதி 2,130, மாதத்துக்கு ஏறக்குறைய 177 மணி. 3,219-ஐ 177-ஆல் வகுத்தால் மணிக்கு 18 வெள்ளி சொச்சம் வருகிறது. பெரியவர் மனத்தில் இருந்ததும் இந்த எண்தான். புதிதாகக் கடை போடுகிறவர் 18-ஐப் பார்த்து, "சரி, 35 போடுவோம், பாதிக்குப் பாதி இலாபம்" என்று எண்ணிவிடுகிறார்.

ஆனால் அந்த 177 மணியையும் யாருக்கும் பில் போட முடியாது. காலையில் கார்களை வெளியே நகர்த்த வேண்டும், தரையில் சிந்திய எண்ணெயைத் துடைக்க வேண்டும். பொருள் வரும்வரை கார் ஜாக்கில் நிற்கும். வாடிக்கையாளர் வந்து "சத்தம் வருது, கொஞ்சம் கேளுங்க" என்பார், கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்புவோம். மழைக் காலையில் வண்டியே வராது. மூன்று மாதம் ஒவ்வொரு வேலைக்கும் சீட்டு எழுதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் குறித்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மெக்கானிக்குக்கு மாதம் 110 மணிதான் பில்லில் ஏறியிருந்தது. இந்த ஓர் எண் தெரியாமல் மணிக்கூலி வைக்கவே முடியாது. நூறில் அறுபது மணி விற்றால் நல்ல ஓட்டம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இனி கடைச் செலவு. வாடகை 2,500. மின்சாரம், தண்ணீர், போன் 600. கருவிகள், துணி, காப்புறுதி, உரிமம் 700. கல்லாவில் நின்று பொருள் வரவழைத்து, வாடிக்கையாளரிடம் பேசும் எனக்குச் சம்பளம் 4,500. இதைப் பலர் எழுதுவதே இல்லை. மீதி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் மணிக்கூலி குறைவாகத் தெரியும், வீட்டுக்குப் பணம் போகாது. இந்த நான்கும் சேர்ந்து 8,300. இரண்டு மெக்கானிக்குக்கு 6,438. மொத்தம் மாதம் 14,738 வெள்ளி. விற்கக்கூடிய நேரம் இருவருக்கும் சேர்த்து 220 மணி. வகுத்தால் மணிக்கு 67 வெள்ளி.

அதாவது உதிரிபாகத்தில் ஒரு காசுகூட வைக்காமல் வாங்கின விலைக்கே கொடுத்தால், மணிக்கு 67 வெள்ளி வாங்கினால்தான் கடை கையைக் கடிக்காமல் ஓடும். நாங்கள் வாங்குவதோ 65. குறைகிற அந்த இரண்டு வெள்ளியும், வருகிற கொஞ்சம் இலாபமும் பொருள்மேல் வைக்கும் ஏற்றத்திலிருந்து, அதாவது மார்க்அப்பிலிருந்து வருகின்றன. கூலியும் மார்க்அப்பும் ஒரே பானையிலிருந்து எடுக்கும் இரண்டு அகப்பை மாதிரி. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியே ஆகவேண்டும்.

மார்க்அப் எதற்கு? மாதம் நாங்கள் வாங்கும் உதிரிபாகம் 12,000 வெள்ளி அளவுக்கு இருக்கும். சராசரியாக 30 விழுக்காடு ஏற்றினால் 3,600 வருகிறது. இது அப்படியே பைக்குள் போவதில்லை. பொருள் எடுத்துவரும் பையனுக்குப் பெட்ரோல், தப்பாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல், கூலண்ட், பல்பு, எண்ணெய் வடிகட்டி என்று அலமாரியில் முடங்கும் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக உத்தரவாதம்.

உத்தரவாதத்தை நம் பம்ப்பிலேயே பார்ப்போம். நாங்கள் மூன்று மாதம் கொடுக்கிறோம். அதற்குள் பம்ப் போனால் சப்ளையர் புதுப் பம்ப் கொடுப்பார், அவ்வளவுதான். மீண்டும் கழற்றி மாட்டி, காற்று எடுக்கும் இரண்டரை மணி எங்களுடையது, 162 வெள்ளி 50 காசு. வடித்த கூலண்டுக்குப் பதில் புதிது 36 வெள்ளி. ஏறக்குறைய 200 வெள்ளி போய்விடும். இருபது பம்ப்பில் ஒன்று இப்படித் திரும்பி வந்தால், ஒவ்வொரு பம்ப்பும் 10 வெள்ளியைச் சுமக்க வேண்டும். பம்ப்மேல் ஏற்றியதாகப் பெரியவர் கேட்ட 36 வெள்ளியில் 10 முதலிலேயே இப்படிப் பேசப்பட்டுவிட்டது.

இப்படிக் கழித்துக் கழித்து, 3,600-இல் 1,500 செலவாகிறது. மீதி 2,100 கடைச் செலவைத் தாங்குகிறது. 14,738-இல் 2,100 போனால் 12,638. அதை 220-ஆல் வகுத்தால் மணிக்கு 57 வெள்ளி சொச்சம். அதன்மேல் கொஞ்சம் வைத்து 65 என்று நிறுத்தினோம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாதக் கடைசியில் 1,662 வெள்ளி மிஞ்சும். இந்த மிச்சம் பெரியதல்ல. இருவரும் 110-க்குப் பதில் 90 மணிதான் விற்றோம் என்றால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் அந்த மாதம் 938 வெள்ளி துண்டு விழும்.

அடுத்து, எல்லாப் பொருளுக்கும் ஒரே விழுக்காடு வைக்கலாமா? கூடாது. 10 வெள்ளி கிளிப் ஒன்றுக்கும் போன் போட வேண்டும், பையன் போக வேண்டும், பில் எழுத வேண்டும். 30 விழுக்காடு என்றால் 3 வெள்ளி, பெட்ரோலுக்கே காணாது. 2,400 வெள்ளிப் பொருளில் அதே 30 விழுக்காடு 720 வெள்ளி. ஒரு போன் அழைப்புக்கு அவ்வளவு வாங்குவது நியாயமல்ல, வாடிக்கையாளரும் கைப்பேசியில் விலையைப் பார்த்துவிடுவார். அதனால் படி வைத்திருக்கிறோம். 50 வெள்ளிக்குள் இருப்பதற்கு 50 விழுக்காடு, 300 வரை 30, ஆயிரம் வரை 20, அதற்கு மேல் 12. பெல்ட் 35 வெள்ளிக்கு வாங்கி 52.50-க்கும், கூலண்ட் 18-க்கு வாங்கி 27-க்கும் போட்டது அதனால்தான். விலை உயர்ந்த பொருளுக்கும் சுழியம் வைப்பதில்லை. அது கெட்டால் மறுபடி செய்யும் வேலையும் அதற்கேற்பப் பெரிதாக இருக்கும்.

இங்கே ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். கடை தொடங்கிய முதல் ஐந்து மாதம் நானே செய்தது. விற்ற பணத்தில் 30 விழுக்காடு நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, வாங்கின விலைமேல் 30 விழுக்காடு ஏற்றினேன். இரண்டும் ஒன்றென்று நினைத்தேன். 120 வெள்ளிப் பம்ப்மேல் 30 விழுக்காடு ஏற்றினால் 156. நிற்பது 36. 156-இல் 36 என்பது 23 விழுக்காடுதான். விற்ற விலையில் 30 நிற்க வேண்டுமென்றால் 120-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், 171 வெள்ளி 43 காசு வரும். வித்தியாசம் ஒரு பம்ப்பில் 15 வெள்ளி, மாதம் முழுக்கச் சேர்ந்தால் வாடகையில் ஒரு பங்கு. நாங்கள் இன்றும் ஏற்றுவது 30-தான், ஆனால் நிற்பது 23 என்று தெரிந்தே மற்றக் கணக்கைப் போடுகிறோம்.

தள்ளுபடி கொடுக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் வலிக்கும். "பம்ப்பில் பத்து விழுக்காடு குறைங்க தம்பி" என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் 156-இல் பத்து விழுக்காடு 15 வெள்ளி 60 காசு, அது நம் 36-இலிருந்து போகிறது. கிட்டத்தட்டப் பாதி. 30 விழுக்காடு ஏற்றியவர் 30 விழுக்காடு குறைத்தால் வாங்கின விலைக்கு வந்து நிற்பார் என்று தோன்றும். நிற்கமாட்டார், 109 வெள்ளி 20 காசுக்கு விற்று 10 வெள்ளி 80 காசு கையிலிருந்து போட்டிருப்பார்.

சரி, நேரத்துக்கு வருவோம். மணிக்கு இவ்வளவு என்றால் கடிகாரம் பார்த்து பில் போடுவதா? அப்படிச் செய்தால் மெதுவாக வேலை செய்கிறவரின் வாடிக்கையாளர் தண்டம் கட்டுவார். புதிதாகச் சேர்ந்த பையன் நாலு மணி எடுத்த வேலைக்கு நாலு மணி வாங்க முடியாது. அனுபவசாலி ஒன்றரை மணியில் முடித்தால் அவர் கைத்திறனுக்காகக் கூலியைக் குறைப்பதும் சரியில்லை. அதனால் வேலைக்கென்று ஒரு நேரம் முன்கூட்டியே வைத்துவிடுகிறோம். இந்த மாடலில் பம்ப் மாற்ற இரண்டு மணி, யார் செய்தாலும். தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் சேவை மையங்களுக்கு இப்படி நேரப் பட்டியல் வைத்திருக்கும். எங்களுடையது பழைய சீட்டுகளைப் பார்த்து நாங்களே எழுதியது.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வேலை. பெல்ட்டை மட்டும் மாற்றினால் அரை மணிக் கூலி. ஆனால் பம்ப்பைக் கழற்றவே பெல்ட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். திரும்ப மாட்டும்போது பழையதற்குப் பதில் புதியதை மாட்டுகிறோம், தனி வேலை எதுவும் இல்லை. அதனால் பில்லில் பெல்ட்டுக்குப் பொருள் விலை உண்டு, கூலி இல்லை. உங்கள் கார் பில்லில் இப்படி இரண்டு கூலி வந்திருந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்டவுடன் அழித்துவிடும் கடைக்காரர் தெரியாமல் போட்டிருப்பார்.

கோளாறு கண்டுபிடித்த அரை மணியைத் தனியாக எழுதுவதையும் விடக்கூடாது. பெரியவர் "வேண்டாம், அப்புறம் பார்க்கிறேன்" என்று வண்டியை எடுத்துப் போயிருந்தால் 32 வெள்ளி 50 காசு மட்டும் கட்டியிருப்பார். இலவசமாகப் பார்த்துக் கொடுக்கும் கடை அந்த நேரத்தை வேறெங்கோ ஏற்றியிருக்கும், அல்லது பார்க்காமலேயே பொருளை மாற்றிப் பார்க்கும். தண்ணீர் குறைகிறது என்றதும் ரேடியேட்டரை மாற்றி, பிறகு குழாயை மாற்றி, கடைசியில் பம்ப்பில் வந்து நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அரை மணிக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ரேடியேட்டர் விலை.

பெரியவர் அடுத்து, "மருமகன்கிட்ட 120-க்குப் பம்ப் வாங்கிட்டு வந்தா மாட்டித் தருவீங்களா?" என்று கேட்டார். தருவோம், ஆனால் வேறு விலை. அந்த 36 வெள்ளி எங்களுக்கு வராது. உத்தரவாதம் தரமாட்டோம், அதனால் 10 வெள்ளி மிச்சம். பொருள் எடுக்கப் போகும் செலவு ஒரு 6 வெள்ளி மிச்சம். மீதி 20 வெள்ளி கடைச் செலவுக்குப் போகவேண்டியது. அதை மாட்டும் இரண்டரை மணியில் பரப்பினால் மணிக்கு 8 வெள்ளி. 73 வரும், 75 என்று வைத்திருக்கிறோம். அப்போது எங்கள் பில் 326 வெள்ளி 50 காசு, அவர் பம்ப்புக்குக் கொடுக்கும் 120-உம் சேர்ந்து 446 வெள்ளி 50 காசு. 11 வெள்ளி மிச்சம், உத்தரவாதம் கிடையாது. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்களே பம்ப் போட்டுடுங்க" என்றார்.

சேவை வரி பற்றியும் கேட்டார். இப்போது விகிதம் 8 விழுக்காடு, 2024 மார்ச்சில் 6-இலிருந்து உயர்ந்தது. கார் பட்டறைக்கு ஆண்டு வரவு 500,000 வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு செய்யவேண்டும். எங்கள் கூலியும் பொருளும் சேர்ந்து ஆண்டுக்கு 358,800 அளவில்தான் நிற்கிறது, அதனால் பில்லில் வரி இல்லை. பதிவு செய்யாத கடை பில்லில் சேவை வரி என்று எழுதிப் பணம் வாங்கினால் அது தப்பு.

வேலை தொடங்கும் முன் ஒன்று சொல்லிவைத்தேன். பம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருந்தால் கழற்றும்போது முறியலாம். முறிந்ததைத் துளை போட்டு எடுக்க இன்னும் ஒரு மணி, 65 வெள்ளி ஆகும். அப்படி நடந்தால் வேலையை நிறுத்தி, படம் எடுத்து அனுப்பி, போன் செய்து சம்மதம் கேட்ட பிறகே தொடருவோம். முறிந்த பிறகு தானாக எடுத்து முடித்துவிட்டு பில்லில் சேர்த்தால், நியாயமான காசாக இருந்தாலும் வாடிக்கையாளருக்கு ஏமாற்றாகத்தான் தோன்றும். வார்த்தையால் சொன்னது மறந்துபோகும் என்பதால் கொட்டேஷன் தாளிலேயே எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.

போல்ட் முறியவில்லை. ஆனால் பெல்ட் தப்பாக வந்தது. உள்பக்கம் ஐந்து வரி ஓடும் பெல்ட் கேட்டோம், நான்கு வரி ஓடும் பெல்ட் வந்தது. பையன் திரும்பப் போய் மாற்றிவரும்வரை கார் அப்படியே நின்றது. சீட்டில் பார்த்தால் மொத்தம் 3 மணி 40 நிமிடம். பில்லில் 3 மணிதான், கூடுதல் 40 நிமிடத்தை அவர் கட்டவேண்டியதில்லை. மணிக்கு 65 வீதம் அது 43 வெள்ளி 33 காசு. பெல்ட்டில் வைத்த 17 வெள்ளி 50 காசும் கூலண்டில் வைத்த 18 வெள்ளியும் அதிலேயே கரைந்துபோயின.

கூலண்ட் ஊற்றி, ரேடியேட்டர் காற்றாடி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பினோம். பெரியவரிடம் பழைய பம்ப்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். புல்லியை விரலால் ஆட்டிப் பார்த்து, "இதுவா ஆடிச்சு" என்று சொல்லிக்கொண்டே காரின் பின்பெட்டியில் வைத்தார். அன்று சாயங்காலம் அந்த வேலைச் சீட்டின் பின்னால், பெல்ட் தப்பாக வந்த காரணத்தைக் குறித்தேன்: வாயால் மாடல் பெயர் மட்டும் சொல்லி வரவழைத்தது. இப்போது பொருள் கேட்கும்போது சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து அனுப்புகிறோம்.